வாடகையா, விற்பனையா?

திருச்செங்கோட்டுப் பக்கம் சென்றவர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இங்கிருந்து புறப்பட்டு வட மாநிலங்கள் வரை சென்று தொழில் செய்யும் வண்டிகள் அவை. ரிக்கோடு இணைந்து செல்லும் காற்றழுத்த யந்திரத்தைக் கம்ப்ரஸர் என்பார்கள். இத்தகைய கம்ப்ரஸர் ஒன்றை ஒரு கம்பெனி 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கி, ரிக் உரிமையாளர் ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். இலக்கங்கள் யாவும் விளக்கத்திற்காக நான் அமைத்துக்கொண்டவை.

கம்பெனியின் கணக்கர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இது இயக்கக் குத்தகையா, நிதிக் குத்தகையா என்பதே. 2019 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள இந்தியக் கணக்கியல் தரம் 116, குத்தகைக்கு எடுப்பவருக்கு இந்தப் பாகுபாட்டை நீக்கிவிட்டது. விடுபவருக்கோ அதை அப்படியே வைத்திருக்கிறது. அத்தரத்தின் கீழ் வராத சிறிய கம்பெனிகள் பின்பற்றும் பழைய தரம் 19-இலும் அடிப்படை இதுவேதான்: உடைமையோடு சேர்ந்த இலாபமும் ஆபத்தும் ஏறக்குறைய முழுவதும் எடுப்பவரிடம் சென்றுவிட்டனவா? சென்றிருந்தால் நிதிக் குத்தகை. இல்லையேல் இயக்கக் குத்தகை. பத்திரத்திற்கு என்ன தலைப்பு இட்டிருக்கிறார்கள் என்பது பொருட்டன்று.

நமது ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு. ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் வாடகை 5,36,000 ரூபாய். கம்ப்ரஸரின் பயன்தரும் ஆயுள் எட்டு ஆண்டுகள். மூன்றாம் ஆண்டு முடிவில் அது 10 லட்சத்திற்கு விலைபோகும் என்று கம்பெனி எதிர்பார்க்கிறது. வரவிருக்கும் வாடகைகளையும் இந்தப் பத்து லட்சத்தையும் எந்த வட்டி வீதத்தில் கழித்தால் இன்றைய 20 லட்சம் கிடைக்குமோ, அதுவே ஒப்பந்தத்தில் உள்ளடங்கிய வீதம். இங்கே அது ஏறக்குறைய நூற்றுக்கு 12. அவ்வீதப்படி மூன்று வாடகைகளின் இன்றைய மதிப்பு சுமார் 12,87,000 ரூபாய். அதாவது யந்திரத்தின் விலையில் 64 சதவிகிதம். எட்டு ஆண்டு ஆயுளில் மூன்று ஆண்டுகள்தாம் எடுப்பவரிடம் கழிகின்றன. எஞ்சியதை விற்று முதல் தேற்றும் கவலை கம்பெனியினுடையது. எனவே இது இயக்கக் குத்தகை.

இப்போது அதே ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்ப்போம். 'இறுதியில் யந்திரம் பத்து லட்சத்திற்குக் குறைவாக விலைபோனால் குறைவை எடுப்பவர் ஈடுசெய்ய வேண்டும். மிகுதி கிடைத்தால் அது அவருக்கே உரியது.' வாடகையும் மாறவில்லை, காலமும் மாறவில்லை. ஆயினும் உறுதியளிக்கப்பட்ட அந்தப் பத்து லட்சமும் கம்பெனிக்கு வரவேண்டிய தொகையோடு சேர்கிறது. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம், அதாவது முழு விலையுமே ஆகிவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் யந்திரம் ஆறு லட்சத்திற்கே விற்றால் நான்கு லட்ச நஷ்டம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். எடுப்பவருடையது. ஆகவே இது நிதிக் குத்தகை. ஆயுளில் பாதிகூட நிறைவேறாத குத்தகை எப்படி நிதிக் குத்தகையாகும் என்று சிலர் தயங்குவர். காலம் ஓர் அடையாளமே. அது இல்லாமலும் ஆபத்து கைமாறலாம். நம் லாரிக்காரர்களுக்குப் பழக்கமான ஹயர் பர்ச்சேஸில், இறுதியில் சொற்பத் தொகை கொடுத்து வண்டியைத் தமதாக்கிக்கொள்ளும் உரிமையே அந்த அடையாளம்.

'பெரும்பகுதி' என்றால் எத்தனை சதவிகிதம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1976-இல் வந்த விதி ஆயுளுக்கு 75, மதிப்புக்கு 90 என்று எல்லை வகுத்தது. நம் தரம் எண்ணே சொல்லவில்லை. அது நன்று என்பது என் கருத்து. எண்ணைச் சொன்னால் 89-இல் நிறுத்தி ஒப்பந்தம் எழுதப் பலர் கற்றுக்கொள்வர்.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? இயக்கக் குத்தகையில் யந்திரம் கம்பெனியின் ஏட்டிலேயே இருக்கும். ஆண்டு வாடகையில் தேய்மானம் 3,33,000 போக, ஒவ்வோர் ஆண்டும் சுமார் 2,03,000 இலாபம் சமமாக வரும். நிதிக் குத்தகையில் யந்திரம் ஏட்டை விட்டு நீங்கி, 20 லட்சம் வரவேண்டிய கடனாக நிற்கும். வாடகையில் ஒரு பகுதி வட்டி, மற்றது அசல். ஆதலால் வருமானம் முதலாண்டில் 2,40,000, அடுத்து 2,04,000, கடைசியில் சுமார் 1,64,000 என்று குறைந்துகொண்டே போகும். மூன்றாண்டுக் கூட்டுத்தொகை இரு வழியிலும் ஒன்றே. தவறாகப் பிரித்தால் இந்த ஆண்டின் இலாபத்தை அடுத்த ஆண்டின் பங்குதாரர்களிடமிருந்து எடுத்துக் காட்டியதாகும்.

தவறு நேர்வது பெரும்பாலும் கணக்கில் அன்று, காகிதத்தில். மேற்சொன்ன உறுதிமொழி குத்தகைப் பத்திரத்தில் இராமல் தனிக் கடிதம் ஒன்றில் ஒளிந்திருக்கும். சில வேளை யந்திரத்தை விற்ற வியாபாரியே, பணம் தரும் வல்லமையோடு, அதை அளித்திருப்பார்; அதையும் கம்பெனி தன் கணக்கில் சேர்த்தாக வேண்டும். கணக்கர் பத்திரத்தோடு நில்லாமல், மூன்றாண்டுக்குப் பின் யந்திரத்தை எவ்விலைக்கு யார் வாங்குவதாகப் பேச்சு என்று கேட்டு அறிய வேண்டும்.

இந்தத் தீர்ப்பு ஒப்பந்தம் செய்யும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு தொழில் மந்தமாகிக் கம்ப்ரஸர் விலை சரிந்தாலும் பாகுபாடு மாறாது. மதிப்புக் குறைவை நஷ்டமாக எழுத நேரலாம், அவ்வளவே. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையே இரு தரப்பாரும் திருத்தி எழுதினால்தான் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.