எத்திரோ சொன்ன விதம்

(சபையின் குடும்ப ஐக்கியக் கூட்டத்தில் கொடுக்கப்பட்ட செய்தி)



"எப்ப கலியாணம்?" "நல்ல வேலையை ஏன் விட்டாய்?" வளர்ந்த பிள்ளையிடம் பெற்றோர் இதையே நாள்தோறும் கேட்டால், பிள்ளை என்ன செய்யலாம்? தாய் தகப்பனைக் கனம்பண்ணும் கட்டளையை மீறாமல் இதற்கு ஓர் எல்லை வைக்க முடியுமா?

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மோசே காலை முதல் மாலை வரை தனியாக இருந்து ஜனங்களின் வழக்குகளை விசாரிப்பதை அவருடைய மாமனார் எத்திரோ காண்கிறார். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று முதலில் கேட்கிறார். மோசேயின் பதிலைக் கேட்ட பிறகு, இப்படிப் போனால் நீ களைத்துப்போவாய் என்று சொல்லி, பொறுப்பைப் பலரிடம் பிரித்துக் கொடுக்க வழி காட்டுகிறார். அதையும் தேவன் கட்டளையிட்டால் செய் என்கிறார். பிறகு தம் தேசத்துக்குப் போய்விடுகிறார்.

காரணத்தோடு சொல்லப்படும் ஆலோசனை அது. அப்படி வரும்போது மோசேயைப் போல முழுவதும் கேளுங்கள். நீங்கள் பதில் சொன்ன பிறகும், புதிய காரணம் எதுவும் இல்லாமல் அதே பேச்சு மறுநாளும் வந்தால், அங்கே எல்லை தேவைப்படுகிறது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் பயம் இருக்கிறது. தான் கண்மூடிய பின் பிள்ளை தனித்துப்போகும் என்ற பயம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மகளுக்கு 32 வயது. வங்கி வேலையை விட்டுவிட்டுப் பாலர் பாடசாலை ஆசிரியையாகப் படிக்கிறாள். மணமாகவில்லை. வேறு நகரத்தில் மகனோடு இருக்கும் தாய் தினமும் மாலை ஏழு மணிக்குப் பேசுவார். பத்து நிமிடத்தில் பேச்சு கலியாணத்துக்கு வந்துவிடும், அழுகையில் முடியும்.

மகள் சண்டைக்கு நடுவில் எதையும் சொல்லவில்லை. அமைதியான ஒரு சனிக்கிழமை நேரில் போய், தேநீர் குடித்தபடி சொன்னாள்: "அம்மா, உங்களோட கதைக்க எனக்கு விருப்பம். கலியாணமும் வேலையும் நான் யோசிச்சு முடிவெடுக்கிற விசயம். ஏதும் முடிவானால் முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவன். போனில அந்தக் கதை வந்தால், அண்டைக்கு வைச்சிட்டு அடுத்த நாள் ஏழு மணிக்கு எடுப்பன்."

கவனியுங்கள். "நீங்கள் பேசக்கூடாது" என்று அவள் கட்டளையிடவில்லை. தான் என்ன செய்வாள் என்பதை மட்டும் சொன்னாள். தாயின் வாய் அவள் கையில் இல்லை; தொலைபேசி அவள் கையில் இருக்கிறது.

திங்கட்கிழமையே அந்தப் பேச்சு வந்தது. "சரி அம்மா, நாளைக்குக் கதைப்பம்" என்று வைத்தாள். "நான் தாயில்லையோ, கேட்கக்கூடாதோ?" என்று தாய் அண்ணனிடம் அழுதார். அண்ணன் தூது வந்தபோது, "அதை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்ளுவம்" என்றாள். செவ்வாய் ஏழு மணிக்குத் தவறாமல் எடுத்தாள்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறோம். முதல் சில வாரங்களில் பேச்சு குறையாது, கூடும். அப்போது ஒருநாள் விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாக அழுதால் பலிக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம். காரணங்களை அடுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு காரணமும் புது வாதத்துக்குக் கதவு திறக்கும். மறுநாள் எடுக்காமல் விட்டால், அது தண்டனையாகிவிடும். எல்லையா தண்டனையா என்று அறிய, சொன்ன நேரத்தில் திரும்பிப் போனோமா என்று பாருங்கள்.

ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் போனை வைக்க முடியாது. அவர்கள் "கொஞ்சம் நடந்துவிட்டு வாறன்" என்று வெளியே போய், கால் மணி நேரத்தில் திரும்பி வரலாம். ஆனால் அடி, குடி, கடன், ஏமாற்று என்று ஓர் ஆபத்தைப் பெற்றோர் சுட்டிக்காட்டினால், அதற்கு இந்த எல்லையைக் காட்டாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

கானாவூர்க் கலியாணத்தில் தம் வேளை இன்னும் வரவில்லை என்று தாயிடம் சொன்ன அதே இயேசு, சிலுவையில் தொங்கும்போதும் அந்தத் தாய்க்கு ஒரு வீட்டை ஏற்படுத்தினார். எல்லையும் அன்பும் அவரிடம் ஒன்றாக இருந்தன.

பெற்றோரே, எத்திரோவைப் போல ஒருமுறை கேட்டு, ஒருமுறை சொல்லி, மீதியைத் தேவனிடம் விடுங்கள். சிறுபிள்ளைகளே, இது உங்கள் வீட்டுப்பாடத்துக்கும் படுக்கும் நேரத்துக்கும் பொருந்தாது! அம்மா அப்பா சொல்வதை இப்போது கேளுங்கள். வாலிபரே, இன்று மாலை ஏழு மணிக்கு யாராவது உங்கள் அழைப்புக்குக் காத்திருந்தால், எடுத்துப் பேசுங்கள்.

கர்த்தர் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.