ஆறு மணி பன்னுக்கு அடுப்பு எத்தனை மணிக்கு?

பேருந்து நிலையத்தை ஒட்டி, டீக்கடையும் பேக்கரியும் ஒன்றாக நடக்கும் கடைகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அநேகம். காலை 6 மணிக்கு ஷட்டர் ஏறும்போதே நாலு பேர் வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு டீ, ஒரு பன். அந்தப் பன் வெளியில் வர, உள்ளே யார் யார் எத்தனை மணிக்கு எழுந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

பல கடைகளில் இதற்கு ஒரே பதில்தான்: "எல்லாரும் ரெண்டு மணிக்கு வந்துடுங்க." கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடப்பதோ வேறு. மாவு பிசைகிறவர் ஒருவர் மட்டும் வேலை பார்க்க, மற்றவர்கள் மைதா மூட்டையில் சாய்ந்து தூங்குவார்கள். மூன்று மணிக்கு மேல் எல்லாரும் ஒரே மேசையில் முட்டிக்கொள்வார்கள். அடுப்பு சூடேறவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

கணக்கை ஆறு மணியில் தொடங்கிப் பின்னோக்கிப் போட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். செங்கல்லால் கட்டிய விறகு அடுப்பு. மாஸ்டர், அடுப்பைப் பார்ப்பவர், மேசையில் உருண்டை பிடிக்கும் இருவர், கவுண்டரில் ஒருவர் என ஐந்து பேர். காலை விற்பனைக்கு 300 பன் வேண்டும். அடுப்பு ஒரு தடவைக்கு 150 பன்தான் கொள்ளும். ஆகவே இரண்டு ஈடு.

பன் தட்டுக்கு வந்து, சூடு தணிந்து, கண்ணாடி அலமாரியில் அடுக்க இருபது நிமிடம் பிடிக்கும். அடுக்கி முடிப்பது 5.45 என்று வைப்போம். ஷட்டர் தூக்கக் கால்மணி நேரம் கையிருப்பு. அப்படியானால் இரண்டாவது ஈடு 5.25-க்கு வெளியே வரவேண்டும். வேகப் பதினைந்து நிமிடம் என்றால் உள்ளே போவது 5.10. முதல் ஈட்டை எடுத்து, அடுப்பு கொஞ்சம் சூடு மீண்டு, அடுத்ததைத் தள்ளப் பத்து நிமிடம் விட வேண்டும். எனவே முதல் ஈடு 4.45-க்கு உள்ளே போயாக வேண்டும். மீதி எல்லாம் இந்த 4.45-ஐ வைத்துத்தான்.

இந்த இடத்திலிருந்து கணக்கு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மாவின் வழி, இன்னொன்று நெருப்பின் வழி. இரண்டும் 4.45-இல் வந்து சேர வேண்டும்.

மாவின் வழியைப் பார்ப்போம். மிக்சரில் பிசைய இருபது நிமிடம். பிசைந்த மாவு மூடிக் கிடந்து புளித்து எழும்ப ஒரு மணி நேரம். 150 உருண்டை வெட்டிப் பிடிக்க இரண்டு பேருக்கு இருபத்தைந்து நிமிடம். தட்டில் வைத்தபின் மறுபடி உப்பி வர ஒரு மணி நேரம். கூட்டினால் இரண்டே முக்கால் மணி நேரம். அப்படியென்றால் முதல் மாவுக்கு மிக்சர் சுற்றத் தொடங்குவது சரியாக இரண்டு மணி. ஈஸ்ட், சர்க்கரை, தண்ணீர் எல்லாம் எடைபோட்டு வைக்க மாஸ்டர் 1.45-க்கு வந்தால் போதும்.

இரண்டாவது ஈட்டுக்கான மாவைச் சேர்த்தே பிசைந்துவிட்டால் என்ன என்று தோன்றும். ஒரே வேலையாக முடிந்துவிடுமே! அங்கேதான் கெடும். அடுப்பு ஒரு நேரத்துக்கு 150-ஐத்தான் வாங்கும்; மீதி 150-க்கான மாவு இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கும். ஈஸ்டுக்குக் காத்திருக்கத் தெரியாது. உருண்டை அளவுக்கு மீறி உப்பி, பக்கவாட்டில் பரந்து, அடுப்பிலிருந்து வெளியே வந்ததும் மேல்தோல் சுருங்கிப் போகும். எனவே இரண்டாவது மாவை 2.25-க்குப் பிசைய வேண்டும். அடுப்பில் ஈடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, அதே இடைவெளி மிக்சரிலும் இருக்க வேண்டும்.

இப்படிப் போட்டால் மேசை வேலையும் தானாக அமைந்துவிடுகிறது. முதல் மாவு 3.20-க்கு மேசைக்கு வரும், 3.45-க்கு முடியும், அப்போது இரண்டாவது மாவு தயாராக நிற்கும். உருண்டை பிடிக்கும் இருவரும் 3.10-க்கு வந்து கை கழுவி, தட்டுக்கு எண்ணெய் தடவி நின்றால் போதும். இரண்டு மணிக்கு அவர்களை எழுப்பி வரவழைத்ததில் கடைக்கும் லாபமில்லை, அவர்களுக்கும் தூக்கமில்லை.

நெருப்பின் வழி இன்னும் நீளம். விறகு அடுப்பில் சூடு என்பது காற்றில் இல்லை, கல்லில் இருக்கிறது. உள்ளேயே விறகை அடுக்கி எரித்து, தணலை வாரி வெளியே எடுத்து, தரையை ஈரத்துணி கட்டிய கோலால் துடைத்து, கதவை மூடிக் கொஞ்ச நேரம் விடுவார்கள். நெருப்பு எரிந்த மூலையில் கல் அதிகமாகக் காய்ந்திருக்கும். எதிர் மூலை அவ்வளவு காய்ந்திருக்காது. மூடி வைக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் சூடு எல்லாப் பக்கமும் பரவிச் சமமாகும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் ஒரு தட்டிலேயே ஒரு வரிசை கருகியும் ஒரு வரிசை வெளுத்தும் வரும். பன்னைப் பார்த்தாலே அன்று அடுப்புக்காரர் எத்தனை மணிக்கு வந்தார் என்று சொல்லிவிடலாம்.

அடுப்பு போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. எரியத் தொடங்கியதும் உள்வளைவுச் செங்கல்லில் கரி படிந்து கன்னங்கரேல் என்று ஆகும். கல் நன்றாகக் காய்ந்ததும் அந்தக் கரியும் எரிந்துபோய், செங்கல் மறுபடி வெளுக்கும். தணலை வாரியபின் இன்னொரு சோதனை: ஒரு சிட்டிகை மைதாவை அடுப்புத் தரையில் தூவுவது. தூவிய கணமே கருகினால் இன்னும் ஆறவிட வேண்டும். நிதானமாகப் பழுப்பேறினால் தட்டை ஏற்றலாம். எதுவுமே ஆகாமல் வெள்ளையாகக் கிடந்தால் அன்றைக்குக் கடை தாமதம்தான்.

தினமும் எரியும் அடுப்பில் முந்தைய நாள் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். நம் உதாரணக் கடையில் எரிக்க இரண்டு மணி நேரம், தணல் வாரித் துடைக்கக் கால்மணி, மூடி வைக்க முக்கால் மணி, ஆக மூன்று மணி நேரம். ஆனால் 4.45-இலிருந்து எண்ணக் கூடாது, 4.30-இலிருந்து எண்ண வேண்டும். காரணம் இருக்கிறது. அடுப்பு மாவுக்காகக் கால்மணி காத்திருந்தால் கொஞ்சம் சூடு போகும், அவ்வளவுதான். மாவு அடுப்புக்காகக் காத்திருந்தால் 150 பன் போகும். கையிருப்பு நேரத்தை நெருப்பின் பக்கம் வைப்பது இதனால்தான். ஆக, விறகு மூட்டுவது 1.30. கடைக்கு முதலில் வருபவர் மாஸ்டர் அல்ல, அடுப்புக்காரர். விறகை முந்தின நாள் கடைசி ஈடு எடுத்தபின் அடுப்புக்குள்ளேயே அடுக்கி வைப்பது பழைய வழக்கம். மிச்சச் சூட்டில் ஈரம் போய்ச் சட்டென்று பற்றும். அந்தச் சூட்டில் தானாகவே பற்றிக்கொள்ளாத அளவுக்கு அடுப்பு ஆறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுக்க வேண்டும்.

மின்சார அடுப்பு உள்ள கடையில் வரிசை தலைகீழாகும். சிறிய டெக் ஓவன் சூடேற ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். அங்கே முதலில் வருபவர் மாஸ்டர். இரண்டு மணிக்கு மாவைப் பிசைந்துவிட்டு, மூன்றரைக்கு சுவிட்சைப் போட்டால் சரி. இரண்டு மணிக்கே போட்டுவைப்பது வெறும் அடுப்புக்குக் கரண்ட் பில் கட்டுவது. ஒரே ஓர் எச்சரிக்கை: முகப்பில் 220 என்று எண் காட்டியதும் தட்டை ஏற்றக் கூடாது. அது உள்ளே இருக்கும் காற்றின் சூடு. அடியில் உள்ள கல் அதன்பின் மெல்லத்தான் ஏறும். மேல் சிவந்து அடி வெளுத்த பன் இப்படித்தான் பிறக்கிறது.

இதுவரை பன். அலமாரியில் ஆறு மணிக்கு அன்று சுட்ட பிரெட்டும் இருக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டால்? பன்னைச் சூட்டோடு விற்கலாம். பிரெட்டைச் சூட்டோடு துண்டு போட முடியாது. கத்தியில் ஒட்டிப் பிய்ந்துவிடும். வெதுவெதுப்பாகக் கவரில் போட்டால் உள்ளே வியர்த்து, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஆறுவதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் வேண்டும். பிரெட் 3.30-க்கு வெளியே வரவேண்டும், 2.50-க்கு உள்ளே போகவேண்டும். அதற்கு மாவும் நெருப்பும் நள்ளிரவுக்கு முன்னே தொடங்க வேண்டும். ஒரே ஒரு பண்டத்துக்காக மொத்தக் கடையும் இரண்டு மணி நேரம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. விவரமான கடைக்காரர்கள் பிரெட்டை மதியம் சுட்டு, மாலையில் துண்டு போட்டு, மறுநாள் காலைக்கு வைக்கிறார்கள். கவரில் வரும் பிரெட்டை யாரும் சூடாக எதிர்பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் இந்தக் கணக்கில் மிக முக்கியமான இடமாகப் படுகிறது. அலமாரியில் ஆறு மணிக்கு என்னென்ன வேண்டும் என்று முடிவுசெய்த கணமே யார் எப்போது எழ வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

இந்தப் பின்னோக்கிய கணக்கு ஒரு நாட்டில் சட்டத்தோடு மோதியதுண்டு. பிரான்சில் 1919-இல் வந்த சட்டம், இரவு 10 மணிக்கும் காலை 4 மணிக்கும் இடையே ரொட்டி செய்யக் கூடாது என்றது. நான்கு மணிக்கு வேலையைத் தொடங்கி, பெரிய உருண்டை ரொட்டியைக் காலை உணவுக்குத் தர முடியாது. வேகவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். நீளமாக, ஒல்லியாக இருக்கும் பகெத் அரைமணிக்குள் வெந்துவிடும். பகெத் பிறந்ததே அந்தச் சட்டத்தால் என்று கதை சொல்வார்கள். நீள ரொட்டிகள் அதற்கு முன்பே இருந்தன என்பதால் அதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. 1925-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் பேக்கரிகளின் இரவு வேலையைத் தடுக்க ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது.

நம் ஊரில் கணக்கைக் குலைப்பது சட்டமல்ல, வெயில். மே மாத மதுரையில் அதிகாலையிலும் அறை 32 டிகிரி இருக்கும். ஒரு மணி நேரத்தில் உப்ப வேண்டிய பன் முக்கால் மணியிலேயே உப்பி நிற்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் மேலே எழாமல் அப்படியே கிடக்கும். அதற்காக ஆட்களின் நேரத்தை வாரத்துக்கு வாரம் மாற்றத் தேவையில்லை. தண்ணீரை மாற்றினால் போதும். பிசைந்த மாவு 27 டிகிரியில் இருக்க வேண்டுமென்றால், 27-ஐ மூன்றால் பெருக்குங்கள், 81. அதிலிருந்து மைதாவின் சூடு 31, அறையின் சூடு 32, மிக்சர் சுற்றுவதால் ஏறும் சூடு சுமார் 10, இவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவது 8. அந்தக் குளிர்ச்சியில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதாவது ஐஸ் போட்டாக வேண்டும். ஊட்டியில் டிசம்பரில் இதே கணக்கைப் போட்டால் வெந்நீர் கேட்கும்.

வார விடுமுறைக்கு மறுநாள்தான் தனிக்கேஸ். ஒரு நாள் முழுக்க எரியாத அடுப்பு ஆறிப்போயிருக்கும். அதன் கல்லை மறுபடி காய்ச்ச இன்னும் ஒரு மணியோ இரண்டு மணியோ கூடும். அடுப்புக்காரர் நள்ளிரவை ஒட்டி வரலாம். அல்லது விடுமுறை நாள் மாலையில் யாராவது வந்து சிறிதாக ஒரு நெருப்பு மூட்டிக் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். இரண்டாவதுதான் விறகுக்கும் தூக்கத்துக்கும் நல்லது. ஆனால் அந்த மாலை வேலைக்குத் தனிக் கூலி உண்டென்று முதலிலேயே பேசி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று மாலை யாரும் வரமாட்டார்கள், மறுநாள் பன் ஏழரைக்குத்தான் வரும்.