மெலிந்த பிறகு வரும் எட்டுக் கிழமை



நிறை குறைப்பதைப் பற்றி வானொலியில் நிறையப் பேசியாயிற்று. குறைத்து முடித்த அடுத்த நாள் காலையில் என்ன சாப்பிடுவது என்று எவரும் சொல்வதில்லை. இன்றைய பேச்சு அந்தக் காலையைப் பற்றியது.

உருத்திரபுரத்தில் ஓர் அக்கா இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக நானே சொல்லும் ஆள் அவர். வயது 45, உயரம் 158 சென்ரிமீற்றர். கிளினிக்கில் சீனி கூடப் போகிறது என்று சொன்ன பிறகு பிளேன்ரீக்குச் சீனியை விட்டார், இராப் புட்டைப் பாதியாக்கினார், சோற்றைக் குறைத்து மரக்கறியையும் குளத்து மீனையும் கூட்டினார். ஆறு மாதத்தில் 78 கிலோ 68 ஆகிவிட்டது. ஊரில் கண்டவரெல்லாம், "என்ன பிள்ளை, ஏதும் வருத்தமோ? இப்பிடி மெலிஞ்சு போனாய்!" என்கிறார்கள். அக்காவுக்கும் போதும் என்று படுகிறது. அடுத்த நாள் பழைய கோப்பை, பழைய சோறு, பழைய தேத்தண்ணி.

அந்தப் பழைய சாப்பாடு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,950 கலோரி. 78 கிலோ உடம்பைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருந்த அளவு அது. 68 கிலோ உடம்புக்கு ஏறத்தாழ 1,700 போதும். சிறிய உடம்பைச் சுமந்து நடக்கச் செலவு குறைவு. அதோடு, மெலிந்த உடம்பு தன் செலவைத் தானே இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். ஆகவே பழைய சாப்பாட்டில் நாளுக்கு 250 கலோரி மிஞ்சுகிறது. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. அக்கா ஒரு கவளமும் கூடச் சாப்பிடவில்லை, முன்பு சாப்பிட்டதைத்தான் சாப்பிடுகிறார். ஆனாலும் தொடக்கத்தில் மாதம் ஒரு கிலோ அளவில் ஏறும்.

பசியும் முன்பு இருந்த பசி அல்ல. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் கெவின் ஹோல் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கிட்டார். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது. பசியோ கிலோவுக்கு 100 கலோரி அளவில் ஏறுகிறது. செலவு இறங்குவதைவிடப் பசி ஏறுவது மூன்று முதல் ஐந்து மடங்கு. நிறை திரும்பியவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று சொல்வது அநியாயம். அவர் தன் உடம்போடு நாள் முழுக்க இழுபறிப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்பதை முதன்முதலில் விரிவாகக் காட்டியது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலம், 1944, 1945. பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிவதற்காக, போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். அன்செல் கீஸ் என்பவரின் மேற்பார்வையில் 24 கிழமை அரைவயிற்றுச் சாப்பாடு. உடம்பில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. பிறகு 12 கிழமை அளந்து கூட்டிக் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு, தங்கியிருந்த சிலரை விரும்பியபடி சாப்பிட விட்டார்கள். அவர்கள் நாளுக்கு 5,000 கலோரிக்கும் மேலாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தும் பசி தீரவில்லை. தசை முழுதாகத் திரும்பும் முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது.

பட்டினி என்னவென்று வன்னியில் எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அன்று வந்த பட்டினியும் இன்று ஒருவர் தானாகக் குறைக்கும் சாப்பாடும் ஒன்றல்ல. ஆனால் உடம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. சாப்பாடு குறைந்தது என்று மட்டுந்தான் அதற்குத் தெரியும்; திரும்பக் கிடைக்கும்போது சேர்த்து வைக்கப் பார்க்கும்.

ஆகவேதான் மெலிந்த பிறகு சாப்பாட்டைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் இதை ரிவர்ஸ் டயட்டிங் என்கிறார்கள். மெல்ல மெல்லக் கூட்டினால் உடம்பின் எரிப்பு பழையபடி ஏறிவிடும், பிறகு எவ்வளவும் சாப்பிடலாம் என்றும் அங்கே சொல்கிறார்கள். அதை நம்பாதீர்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. 68 கிலோ உடம்பின் தேவையை எந்த வேகத்தில் கூட்டினாலும் 78 கிலோ உடம்பின் தேவையாக்க முடியாது. மெல்லக் கூட்டுவதன் பயன் வேறு. உங்கள் புதிய உடம்பு எந்த அளவில் நிற்கிறது என்பதை, அதைத் தாண்டிப் போகாமல் கண்டுபிடிக்கலாம். எனக்கு அந்த ஒரு பயனே போதுமான காரணம்.

ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மைக் லீன், றோய் ரெய்லர் என்ற இரு பேராசிரியர்கள் நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்திய டைரெக்ட் ஆய்வில் இந்தக் கட்டத்தைத் தனியாக வகுத்திருந்தார்கள். முதலில் மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் கரைத்துக் குடிக்கும் உணவு மட்டும். அது முடிந்ததும் வழக்கமான சாப்பாட்டுக்கு ஒரேயடியாக விடவில்லை. இரண்டு முதல் எட்டுக் கிழமைக்குள், ஒவ்வொரு வேளையாகச் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு நிறை 2 கிலோவுக்கு மேல் திரும்பினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதமானோருக்கு நீரிழிவு மருந்தில்லாமல் அடங்கியிருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் 36 சதவீதம். இவ்வளவு கவனத்தோடு செய்தும் சிலருக்கு நழுவியிருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

அந்த 850 கலோரி உணவை வைத்தியர் இல்லாமல் வீட்டில் எவரும் தொடங்க வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது அவர்கள் சாப்பாட்டைத் திருப்பிய முறையை மட்டும்.

இப்போது அக்காவிடம் திரும்புவோம். அவர் பழைய கோப்பைக்கு இன்னும் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் தற்போது நாளுக்கு ஏறத்தாழ 1,300 கலோரி சாப்பிடுகிறார், நிறை கிழமைக்கு 400 கிராம் இறங்குகிறது. 400 கிராம் கொழுப்பு என்றால் 3,000 கலோரிக்குச் சற்று மேல். ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 440. ஆக, நிறை நிற்க வேண்டிய இடம் 1,700க்கு அண்மையில். கூட்ட வேண்டியது மொத்தம் 400 கலோரி. இதை நூறு நூறாக நான்கு படியாக்கி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு கிழமை கொடுக்கலாம். எட்டுக் கிழமையில் முடிந்துவிடும்.

நூறு கலோரி என்பது கண்ணுக்கு எவ்வளவு? நமது தேத்தண்ணிக் கப்பில் முக்கால் கப் அவித்த பயறு. சோறும் ஏறத்தாழ அதே அளவுதான். தேங்காய்ப்பூ என்றால் குவித்து இரண்டு மேசைக்கரண்டி. எண்ணெய் என்றால் ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. ஒரு முட்டை நூறுக்குக் கீழே நிற்கும்.

எதை முதலில் திருப்புவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதற்படி பயறு, காலையில். இரண்டாம் படி ஒரு முட்டை, அல்லது இன்னொரு துண்டு மீன். இவை பசியைக் கூடுதல் நேரம் தாங்கும், தசைக்கும் உதவும். சோற்றை மூன்றாம் படியில் மத்தியானத்துக்குக் கூட்டலாம். சம்பலும் பாற்சொதியும் கடைசிப்படி. பிளேன்ரீச் சீனியைத் திருப்பவே வேண்டாம். நாலு பிளேன்ரீக்கு இரண்டிரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் நூறு கலோரிக்கு மேல் போய்விடும், பசியோ ஒரு மணித்தியாலமும் தள்ளிப்போகாது.

முதற் கிழமையில் தராசு பயமுறுத்தும். கவனமாகக் கேளுங்கள், பலர் விட்டுவிடும் இடம் இது. நிறை சற்று ஏறலாம். அது கொழுப்பு அல்ல. சாப்பாடு கூடும்போது தசையும் ஈரலும் மாச்சத்தைச் சேமிக்கின்றன; அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. நாளுக்கு 100 கலோரி கூட்டினால் ஒரு கிழமைக்கு 700. அத்தனையும் கொழுப்பானாலும் 100 கிராம் வராது. தராசைப் பார்த்து மிரண்டு திரும்பவும் பட்டினி கிடப்பவர், இரண்டு நாளில் பசி தாங்காமல் கண்டதையும் சாப்பிடுவார்.

அதனால் ஒரு நாள் நிறையை நம்ப வேண்டாம். காலையில் கழிப்பறைக்குப் போன பிறகு, தேத்தண்ணி குடிக்கும் முன் நிறுத்து எழுதுங்கள். ஏழு நாளைக் கூட்டி ஏழால் பிரியுங்கள். இந்தக் கிழமையின் சராசரியைப் போன கிழமையின் சராசரியோடு ஒப்பிடுங்கள். முதல் ஏற்றம் வந்து நின்றுவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். மூன்று கிழமை தொடர்ந்து சராசரி ஏறினால் கடைசிப் படியை எடுத்துவிடுங்கள். உங்கள் அளவு அதற்குக் கீழே. தராசு இல்லாத வீட்டில் ஒரு நூல் போதும். மூச்சை விட்டபின் தொப்புள் மட்டத்தில் சுற்றி, முட்டும் இடத்தில் முடிச்சுப் போட்டு வையுங்கள். தண்ணீர் ஏறினால் முடிச்சு பெரிதாக விலகாது. முடிச்சு எட்டாமல் போனால் அது பெரும்பாலும் கொழுப்புத்தான்.

எட்டுக் கிழமை முடிந்த நிறையை எழுதி வைத்து, அதற்கு மேல் 2 கிலோவைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டினால் அடுத்த பொங்கல் போகட்டும், கலியாணம் முடியட்டும் என்று தள்ளாமல், கடைசி இரண்டு படிகளை உடனே எடுத்துவிடுங்கள்.

வயல் ஊரில் இன்னொன்றும் உண்டு. காலபோகத்தில் நாற்றும் களையும் வரம்பும் என்று வேலை செய்யும் உடம்பு, அறுவடை முடிந்ததும் திண்ணையில் இருக்கிறது. சாப்பாடு மாறாது, செலவு விழுந்துவிடும். வேலையான மாதத்தில் கண்டுபிடித்த அளவு ஓய்வான மாதத்துக்குப் பொருந்தாது. அறுவடைக்குப் பிறகு ஒரு படியை இறக்குங்கள், அல்லது வாய்க்கால் ஓரமாகத் தினமும் ஒரு மணித்தியாலம் விறுவிறுவென்று நடவுங்கள்.

நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாட்டைக் குறைக்கும் முன்பும் கூட்டும் முன்பும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்; மருந்தின் அளவும் சேர்ந்து மாற வேண்டிவரலாம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நான் சொன்ன கணக்குப் பொருந்தாது.

கடைசியாக, அந்த அக்காவின் வீட்டாருக்கும் அயலாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த எட்டுக் கிழமைக்கு அவரிடம் வருத்தமோ என்று கேட்காதீர்கள். அவர் போதும் என்று கையை மறித்தால், அகப்பையைச் சட்டிக்குள் திருப்பி வைத்துவிடுங்கள்.