பாண்டு எழுதுமுன் மூன்று கேள்விகள்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பாண்டெல்லாம் கோர்ட்டுல நிக்காது, கையெழுத்தப் போட்டுட்டுப் போ' என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் நிறைய. இது பாதிதான் உண்மை. இஷ்டமில்லாதவரை வேலையில் இருந்தே ஆகவேண்டுமென்று நீதிமன்றம் கட்டிப்போடாது. ஆனால் பணம் கட்டச் சொல்லலாம். மூன்று வருடம் இருக்கவேண்டும், இல்லையேல் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி. புதிதாக ஆளெடுக்க ஆகும் செலவும், விலகியவர் நல்ல சம்பளம் வாங்கிய அதிகாரி என்பதும் அங்கே கணக்கில் வந்தன. எல்லாக் கம்பெனிக்கும் இது அப்படியே பொருந்தாது. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிவைத்த தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான நட்டஈடுதான் கிடைக்கும். ஆகவே அந்தத் தொகை எப்படி வந்தது என்பதே சண்டை. அதை வேலையை ஏற்குமுன் கேட்டுவிட வேண்டும்.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். 'பயிற்சிக்குப் பின் 24 மாதம் பணிபுரியவேண்டும். இடையில் விலகினால் 2 லட்சம்.' இதில் மூன்று கேள்வி இருக்கிறது.

முதலாவது, எந்தத் தேதியிலிருந்து கணக்கு? பயிற்சி 6 மாதமென்றால் நீங்கள் கட்டுப்படுவது 24 மாதமல்ல, 30 மாதம்.

இரண்டாவது, என்ன செலவுக்கு இந்த 2 லட்சம், வேலை செய்யச் செய்ய அது குறையுமா? 18 மாதம் முடித்தவனுக்குப் பாக்கி 6 மாதம், விகிதப்படி 50,000தான். குறையுமென்று எழுத்தில் இல்லாவிட்டால் கடைசி மாதத்தில் போனாலும் முழுசாகக் கேட்பான்.

மூன்றாவது, அவர்களே நீக்கினால் யார் கட்டுவது?

சண்டைக்கு நிற்கிற மாதிரி எழுதவேண்டாம். 'வேலையில் சேர விருப்பம். ஏற்குமுன் இந்த மூன்றையும் விளக்கவும்' என்று மின்னஞ்சல் போதும். போனில் பதில் சொன்னால், 'தாங்கள் கூறியது இது' என்று அன்றைக்கே எழுதி அனுப்புங்கள். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது.

ஈடாக என்ன கேட்கிறார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால் அடுத்த வேலைக்கும் மேல்படிப்புக்கும் வழி அடைபடும். நகல் தருகிறேன், அசலைக் காட்டிவிட்டு எடுத்துப்போகிறேன் என்று சொல்லுங்கள். தொகை எழுதாத காசோலை இன்னும் மோசம். அது திரும்பினால் பாண்டுத் தகராறு செக் வழக்காகிறது. அந்தச் சட்டத்தில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. அப்பாவை ஜாமீன்தாரராகக் கேட்டால், மகன் விலகினால் நோட்டீஸ் சேரிக்கு, அவர் பேருக்கும் வரும். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று வரிவரியாக அவருக்குப் படித்துச் சொன்ன பிறகே அவர் கைநாட்டு வைக்கலாமா என்று முடிவு செய்யவேண்டும்.

எழுத்தில் பதில் தர மறுக்கிற கம்பெனி உண்டு. வேறு வேலை கையில் இல்லாமல் அங்கேயே சேருகிற நிலைமையும் நமக்கு உண்டு. சேருங்கள், ஆனால் அனுப்பிய கேள்விக் கடிதத்தின் நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். நாளை நோட்டீஸ் வந்தால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.