ரெண்டு நோட்டு, ஒரே ஆள்: நோயாளிப் பதிவுகளைச் சேர்த்த கதை

விழுப்புரத்துல ஒண்ணு, திண்டிவனத்துல ஒண்ணுன்னு ரெண்டு கிளினிக் நடத்துற ஒரு டாக்டருக்கு நான் பண்ணிக்கொடுத்த வேலையைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறேன். டாக்டர் பேரையும் கிளினிக் பேரையும் சொல்லல. நோயாளிகளோட பேரையும் விவரங்களையும் மாத்தியிருக்கேன்.

ரெண்டு ஊருக்கும் நடுவுல சுமார் 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டி பக்கம் இருக்கறவங்க ஒரு வாரம் தெற்கே போவாங்க, இன்னொரு வாரம் வடக்கே போவாங்க. அதனால ஒரே ஆள் ரெண்டு நோட்டுலயும் இருப்பாரு. நோட்டுல இருந்த பேரை எல்லாம் இங்கிலீஷ்ல டைப் பண்ணி எங்கிட்ட கொடுத்தாங்க.

நான் முதல்ல எழுதின விதி ரொம்ப எளிமையானது. போன் நம்பர், இனிஷியல், பேரோட முதல் அஞ்சு எழுத்து மூணும் ஒத்துப்போனா ஒரே ஆள். முருகேசனை முருகன்னு எழுதுறது சகஜம்ங்கறதால அஞ்சு எழுத்து போதும்னு நினைச்சேன்.

அதுலதான் மாட்டிக்கிட்டேன். விழுப்புரத்துல கே. முருகன், வயசு 43. திண்டிவனத்துல கே. முருகேசன், 41. போன் நம்பர் ஒண்ணு, ஊரும் ஒண்ணு. புரோகிராம் சேர்த்துடுச்சு. சரிபார்க்கும்போது நர்ஸ் அக்காதான் நிறுத்தினாங்க: “தம்பி, ஒருத்தருக்கு ஓ பாசிட்டிவ், ஒருத்தருக்கு பி பாசிட்டிவ்னு இருக்கே?” விசாரிச்சா, அண்ணன் தம்பி. நம்ம ஊர்ல இனிஷியல் அப்பா பேரு. கூடப்பிறந்தவங்களுக்கு அது ஒத்துத்தான் போகும். வீட்டுக்கு ஒரு போன். நான் ஆதாரம்னு நினைச்ச மூணுமே குடும்பத்தைத்தான் காட்டுச்சு, ஆளைக் காட்டல. அப்படியே விட்டிருந்தா அண்ணனோட பிரஷர் மாத்திரை தம்பி கணக்குல ஏறியிருக்கும்.

இதே விதி இன்னொரு பக்கம் தோத்துச்சு. விழுப்புரத்துல கே. லட்சுமி, 2021ல வயசு 45. திண்டிவனத்துல எம். லெட்சுமி, 2023ல வயசு 50. இங்கிலீஷ்ல ஒருத்தர் Lakshmi, இன்னொருத்தர் Letchumi. இனிஷியலும் வேற. ஆனா இவங்க ஒரே ஆள்தான். ஒரு இடத்துல அப்பா பேரு, இன்னொரு இடத்துல வீட்டுக்காரர் பேரு. வயசு கேட்டா பலபேர் 45, 50ன்னு முழுசாத்தான் சொல்றாங்க. அதனால வயசை வயசா ஒப்பிடாம, பதிவான வருஷத்துல இருந்து கழிச்சுப் பார்த்தேன்: 1976, 1973. மூணு வருஷ வித்தியாசம் சந்தேகத்துக்கு இடம் தரலாம். வேற ஆள்னு தள்ளிட முடியாது.

1969லயே ஃபெல்லெகி, சண்டர்னு ரெண்டு பேர் இதுக்கு ஒரு கணித முறை எழுதினாங்க. அதுல விடை ரெண்டு இல்ல, மூணு: ஒரே ஆள், வேற ஆள், ‘இருக்கலாம்’. அந்த மூணாவதை மனுஷங்க பார்க்கணும். நான் மூணாவது கூடையை வைக்கவே இல்ல. அதுதான் தப்பு.

மாத்தின பிறகு, ‘இருக்கலாம்’ ஜோடிகள் ஒரு பட்டியலா கவுன்ட்டருக்குப் போகும். அவங்க அடுத்த தடவை வரும்போது கேட்பாங்க. கேட்கறதுக்கும் ஒரு முறை வச்சோம். “நீங்க கண்ணன் பொண்ணுதானே?”ன்னு கேட்டா, அவசரத்துல ஆமான்னு தலையாட்டிடுவாங்க. “அப்பா பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர்?”னு கேட்டு, அவங்க வாயாலேயே வரவைக்கணும்.

ஆள் உறுதியான பிறகும் வேலை முடியல. லட்சுமியம்மா பதிவுல விழுப்புரத்துல ‘பென்சிலின் அலர்ஜி, உடம்பெல்லாம் தடிப்பு’ன்னு இருந்துச்சு. திண்டிவனத்துல ‘அலர்ஜி: இல்லை’. என் பழைய கோடு புதுத் தேதிதான் சரின்னு எடுத்துக்கும். அப்படின்னா அலர்ஜி அழிஞ்சுபோயிருக்கும்; அடுத்த தொண்டை வலிக்கு அமாக்ஸிசிலின் எழுதினா, அதுவும் பென்சிலின் குடும்பம்தான். கேட்டுப் பார்த்தா, திண்டிவனத்துல யாரும் அவங்ககிட்ட கேட்கவே இல்ல. காலியா விடக்கூடாதுன்னு ‘இல்லை’ன்னு எழுதியிருக்காங்க.

அதனால முரண்பாடுகளை மூணா பிரிச்சேன். விலாசம், போன், எடை மாறுறது இயல்பு. புதுசை முன்னாடி காட்டு, பழசையும் வச்சிரு. ரத்த வகை, ஆண் பெண் முரண்பட்டா, ரெண்டு ஆளா இருக்கலாம், சேர்க்காதே. நோட்டுல தப்பா எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாரு. அலர்ஜி முரண்பட்டா, ஆபத்தான பதிலைச் சிவப்புல காட்டு. டாக்டர் கேட்டு முடிவு பண்றவரை எடுக்காதே. இப்படி:

```
allergy: Penicillin | Villupuram | 2021 | CHECK
allergy: None       | Tindivanam | 2023 | CHECK
```

கடைசியா, மூலப் பதிவு ரெண்டையும் அழிக்கவே இல்ல. சேர்த்த பதிவு அந்த ரெண்டையும் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். நாளைக்கு இன்னொரு அண்ணன் தம்பி மாட்டினா, பிரிச்சு எடுக்கணுமே.

உங்க வீட்டுல ஒரே போன் நம்பர்ல எத்தனை பேர் பதிஞ்சிருக்கீங்கன்னு பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.