கோர்ட் உத்தரவில் ‘30 நாள்’ என்றால் எந்தத் தேதி?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் பலர் கையில் ஒரு கோர்ட் உத்தரவோடு வருகிறார்கள். “எப்போது வரை நேரம் இருக்கிறது?” என்று கேட்டால், “30 நாள் என்று வக்கீல் சொன்னார்” என்பார்கள். அது எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டால் பதில் வராது. தேதி தெரியாத கெடு, கெடுவே இல்லாததற்குச் சமம். ஆகவே ஓர் உத்தரவிலிருந்து தேதிகளை எப்படி எண்ணி எழுதுவது என்பதை மட்டும் இன்று பார்ப்போம்.

ஒரு மாதிரி உத்தரவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மீது பண வழக்கு. அவர் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது. அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடுகிறார். 28.02.2025, வெள்ளிக்கிழமை, நீதிபதி இப்படி உத்தரவிடுகிறார்: “இன்றிலிருந்து 15 நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை 3,000 ரூபாய் கொடுக்க வேண்டும். இன்றிலிருந்து 30 நாட்களுக்குள் 50,000 ரூபாயைக் கோர்ட்டில் கட்ட வேண்டும். கட்டிய நாளிலிருந்து 2 வாரங்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மனு தள்ளுபடியாகும்.” ஆக, கெடு மூன்று இருக்கிறது. எதைத் தவறவிட்டாலும் மனு போய்விடும். பழைய தீர்ப்பு அப்படியே நிற்கும்.

முதல் கேள்வி, எந்த நாளிலிருந்து எண்ணுவது? உத்தரவின் சொல்லைப் பாருங்கள். ‘இன்றிலிருந்து’ என்றால் உத்தரவுத் தேதி. ‘நகல் கிடைத்த நாளிலிருந்து’ என்றால் நகல் கைக்கு வந்த தேதி. ‘31ஆம் தேதியன்று அல்லது அதற்கு முன்’ என்றால் எண்ணவே வேண்டாம், 31ஆம் தேதியே கடைசி நாள். நம் உத்தரவில் ‘இன்றிலிருந்து’ என்று இருக்கிறது.

இரண்டாவது, அந்த முதல் நாள் கணக்கில் சேருமா? சேராது. பொது விதிகள் சட்டம் 1897, பிரிவு 9 இதைச் சொல்கிறது. காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 12ம் இதே முறைதான். பிப்ரவரி 28ஐ விட்டுவிட்டு, மார்ச் 1ஐ முதல் நாளாக வையுங்கள். 15ஆம் நாள் மார்ச் 15, சனிக்கிழமை. 30ஆம் நாள் மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. இடையில் வரும் ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேரும்.

மூன்றாவது, கடைசி நாள் விடுமுறையாக இருந்தால்? மார்ச் 30 ஞாயிறு. மறுநாள் 31, நம் நோன்புப் பெருநாள் விடுமுறை. கோர்ட்டிலோ அரசு அலுவலகத்திலோ செய்ய வேண்டிய காரியத்தின் கடைசி நாளில் அது மூடியிருந்தால், அடுத்து திறக்கும் நாளில் செய்யலாம் என்பது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 10. சட்டம் குறித்த கெடுவுக்கு இது நேரடி விதி. கோர்ட் தானே குறித்த கெடுவிலும் இந்தக் கொள்கையைப் பின்பற்றுவதுண்டு. அப்படி எண்ணினால் கடைசி நாள் ஏப்ரல் 1, செவ்வாய்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள். கோர்ட் திறந்திருக்கும், வங்கியில் பணம் வாங்க மாட்டார்கள். சலானை வங்கியில் கட்ட வேண்டுமென்றால் அன்று என்ன செய்ய முடியும்? ஆகவே விடுமுறைச் சலுகையை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முன்பே பணத்தைக் கட்டிவிட வேண்டும்.

இன்னொன்று, எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் 3,000 ரூபாய் கோர்ட்டில் செய்கிற காரியம் அல்ல. அதன் கெடு ஞாயிறன்று முடிந்தாலும் ‘கோர்ட் லீவு’ என்ற காரணத்தை நம்பி இருக்கக் கூடாது. முன்பே கொடுத்து, கையெழுத்திட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, 30 நாளும் ஒரு மாதமும் ஒன்றல்ல. நம் உத்தரவில் ‘ஒரு மாதத்துக்குள்’ என்று இருந்திருந்தால் அதே எண்ணுள்ள தேதியான மார்ச் 28லேயே முடிந்திருக்கும். இரண்டு நாள் குறைவு. இமாச்சலப் பிரதேச அரசு ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதில் 12.11.2007 தொடக்க நாள். 3 மாதம் என்பதை 90 நாளாக எண்ணாமல், 12.02.2008இல் முடிந்ததாகக் கொண்டது. அதற்குப் பிந்திய 30 நாளைத் தனியாக எண்ணி, 13.03.2008 என்றது. நாம் ஜகாத்துக்கும் இத்தாவுக்கும் பிறைக் கணக்கில் மாதம் எண்ணிப் பழகியவர்கள். கோர்ட்டில் மாதம் என்றால் ஆங்கில மாதம் மட்டும்தான்.

ஐந்தாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. “நகல் இன்னும் வரவில்லை, வந்ததும் கட்டிக்கொள்ளலாம்” என்று இருந்துவிடுகிறார்கள். நகலுக்காகக் காத்திருக்கும் நாட்களைக் கழிக்கும் சலுகை, மேல்முறையீடு போன்றவற்றுக்குப் பிரிவு 12 தருவது. உதாரணமாக, கீழ்க்கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மாவட்டத்துக்குள் உள்ள மேல் கோர்ட்டுக்குப் போக 30 நாள். தீர்ப்பு 28.02.2025, நகல் மனு மார்ச் 5இல், நகல் தயார் மார்ச் 14இல் என்றால், அந்த 10 நாளைக் கழிக்கலாம். கடைசி நாள் ஏப்ரல் 9. இந்தத் தேதிகளெல்லாம் சான்றிட்ட நகலின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். ஆனால் ‘இன்றிலிருந்து 30 நாளில் பணம் கட்டு’ என்ற கெடுவுக்கு இந்தக் கழிவு கிடையாது. நகல் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே உத்தரவு சொன்ன அன்றே அதன் வாசகத்தை வக்கீலிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நம் மாதிரி உத்தரவுக்கு ஒரு தாள் எழுதுவோம். ஒவ்வொரு கெடுவுக்கும் எப்படி எண்ணினோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்போதுதான் வக்கீல் பார்த்தவுடன் தவறிருந்தால் திருத்த முடியும்.

1. செலவுத் தொகை 3,000 ரூபாய், எதிர்த்தரப்புக்கு. தொடக்கம் 28.02.2025, அந்த நாள் நீங்கலாக 15 நாள். கடைசி நாள் 15.03.2025, சனி. விடுமுறைச் சலுகை எடுக்கவில்லை. நாம் கொடுக்கும் நாள் 10.03.2025.

2. கோர்ட்டில் 50,000 ரூபாய். தொடக்கம் 28.02.2025, அந்த நாள் நீங்கலாக 30 நாள். கடைசி நாள் 30.03.2025, ஞாயிறு; விடுமுறைச் சலுகையோடு 01.04.2025, அன்று வங்கி இல்லை. நாம் கட்டும் நாள் 24.03.2025, திங்கள்.

3. எதிருரை. தொடக்கம் பணம் உண்மையில் கட்டிய நாள், அது நீங்கலாக 14 நாள். 24.03.2025இல் கட்டினால் கடைசி நாள் 07.04.2025, திங்கள். வக்கீலிடம் விவரம் தரும் நாள் 28.03.2025.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். பணத்தை முன்கூட்டிக் கட்டினால் எதிருரைக் கெடுவும் முன்கூட்டி வருகிறது. அதனால் அந்த வரியைப் பணம் கட்டிய அன்று சலானைப் பார்த்து மறுபடி எழுத வேண்டும்.

பணம் திரளாது என்று தெரிந்தால், கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள். கோர்ட் தானே குறித்த காலத்தை நீட்டிக்க, உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148 இடம் தருகிறது. மொத்தம் 30 நாளுக்கு மேற்படாமல் என்று அதில் இருக்கிறது. கெடு முடிந்தபின் போனாலும் கோர்ட் பரிசீலிக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும் கெடுவை நீட்டிக் கேட்பதும் முடிந்துபோனதை எழுப்பிக் கேட்பதும் ஒன்றல்ல. நீட்டிப்பது நீதிபதியின் விருப்புரிமை, நமக்குள்ள உரிமை அல்ல.

உத்தரவு கையில் உள்ளவர்கள் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். தாளை நாம் சேர்ந்து எழுதுவோம். அதை உங்கள் வக்கீலிடம் காட்டி, சரி என்று ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.