ஏழரை சென்ட் எத்தனை சதுர அடி?

(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவைகள் பாடத்தில் அலகு மாற்றம் நடத்தும்போது நாம் கொடுக்கும் கணக்குகளில் எண்ணும் அலகும் தெளிவாக அச்சாகியிருக்கும். "5 சென்ட்டைச் சதுர அடியாக மாற்றுக" என்று கேட்டால் பிள்ளைகள் பெருக்கிவிடுவார்கள். வீட்டில் அவர்கள் பார்ப்பது அப்படி இல்லை. அம்மாவின் கைப்பேசியில் ஒரு பத்திரத்தின் படம் இருக்கும். மடிப்பு விழுந்த முத்திரைத்தாள், பாதி எழுத்தின் மேல் ரப்பர் முத்திரை, ஓரத்தில் கட்டைவிரல் நிழல். அதில் எந்த எண்ணைப் பெருக்குவது என்பதுதான் கணக்கு. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் அடிப்படை எண்களைச் சொல்லிவிடுகிறேன். சென்ட் என்றால் ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஆகவே ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த 435.6 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. 66 × 66 = 4,356. அப்படிப்பட்ட பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தது ஒரு ஏக்கர். இதைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினால் 435.6 பிறகு மறக்காது.

கிரவுண்டு வேறு வழியில் வந்தது. சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும்தான் இது அதிகம் புழங்குகிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 40 அடிக்கு 60 அடி மனை. "ஒரு கிரவுண்டு என்றால் ஐந்தரை சென்ட்" என்று ஊரில் சொல்வார்கள். பேச்சுக்குச் சரி. ஆனால் 5.5 × 435.6 = 2,395.8. கிரவுண்டுக்கு 4.2 சதுர அடி குறைகிறது. ஆகவே கிரவுண்டைச் சென்ட்டாக்கி, பிறகு சதுர அடியாக்க வேண்டாம். நேராக 2,400-ஆல் பெருக்கச் சொல்லுங்கள்.

பெருக்கல் இவ்வளவுதான். இனி வாசிப்புக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அப்பாவின் மூலப்பத்திரத்தைப் படமெடுத்து வந்திருந்தாள். அப்பா அந்த மனையை விற்க இருந்தார். வாங்குபவர் பத்திரத்தின் படத்தை மட்டும் பார்த்து, கிரய ஒப்பந்த வரைவில் 3,049 சதுர அடி என்று எழுத வைத்திருந்தார். விலை சதுர அடிக்கு 900 ரூபாய் என்று பேச்சு. "எங்கப்பா ஏழரை சென்ட்னு சொல்றார், அவங்க ஏழுன்னு சொல்றாங்க, எது சார் சரி?" என்றாள். அரை சென்ட் என்றால் 217.8 சதுர அடி. 900-ஆல் பெருக்கினால் 1,96,020 ரூபாய்.

படத்தில் சொத்து விவரம் எழுதிய பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முதலில் சர்வே எண்ணுக்குரிய மொத்தப் பரப்பு "ஏக்கர் 0.30" என்று இருந்தது. அடுத்த வரியில் "இதில்" என்று தொடங்கி, நான்கெல்லை சொல்லி, "ஏக்கர் 0.07" என்று இருந்தது. அந்த 7-க்குப் பக்கத்தில்தான் தாளின் மடிப்பு. மடிப்பில் ஏதோ ஒரு கோடு தெரிகிறது. அது எழுத்தா, சுருக்கமா என்று சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, 0.30 என்பது விற்கப்படும் பரப்பு அல்ல. பத்திரத்தில் முதலில் கண்ணில் படும் எண் பெரும்பாலும் பெரிய துண்டின் மொத்தப் பரப்பு. "இதில்", "இதன் மத்தியில்", "மேற்படியில்" போன்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்தான் நமக்கு வேண்டியது. இது தமிழ்ப் பாடம்தான், கணக்கு ஆசிரியர் நடத்துகிறோம், அவ்வளவே.

இரண்டாவது, பத்திரத்தில் "ஏக்கர் 0.07½" என்று எழுதும் வழக்கம். புள்ளிக்கு இடப்பக்கம் ஏக்கர், வலப்பக்கம் சென்ட். 0.07½ என்றால் ஏழரை சென்ட், தசமத்தில் 0.075 ஏக்கர். நம் பிள்ளைகளில் சிலர் இதை அப்படியே கைப்பேசிக் கணிப்பானில் 0.071/2 என்று தட்டுகிறார்கள். அது 0.0355 ஏக்கர், 1,546 சதுர அடிதான் வரும். மனையில் பாதிக்குமேல் காணாமல் போகிறது. இதே போல "1 ஏக்கர் 5 சென்ட்" என்பதை 1.5 ஏக்கர் என்று எழுதுவார்கள். அது 1.05. கிரவுண்டிலும் இதே சிக்கல்: "1 கிரவுண்டு 850 சதுர அடி" என்றால் 2,400 + 850 = 3,250 சதுர அடி. அதை 1.850 கிரவுண்டு என்று எடுத்தால் 4,440 ஆகிவிடும். கிரவுண்டுக்குப் பின் வரும் எண் சதுர அடி, தசமம் அல்ல.

மாணவியின் படத்துக்குத் திரும்புவோம். எண் தெளிவில்லை என்றால் அதே பத்திரத்தில் அந்தப் பரப்பு வேறு உருவில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பொதுவாக இரண்டு இடங்களில் கிடைக்கும்.

ஒன்று, எழுத்தால் எழுதிய அளவு. "ஏழரை சென்ட்" என்று எங்காவது இருக்கும். இங்கே பழைய பின்னச் சொற்களை நாம் கொஞ்சம் சொல்லித்தர வேண்டும். அரை, கால், முக்கால் தெரிந்த பிள்ளைக்கு அரைக்கால் தெரிவதில்லை. "ஏழே அரைக்கால்" என்பது ஏழும் எட்டில் ஒன்றும், அதாவது 7.125. அதை ஏழரை என்று படித்தால் 163 சதுர அடிக்கு மேல் கூடிவிடும்.

இன்னொன்று, பக்க அளவுகள். அவள் கொண்டுவந்த படத்தில் எழுத்தால் எழுதிய வரி இல்லை, அது அடுத்த பக்கத்தில் போயிருந்தது. ஆனால் "கிழமேல் இருபுறமும் ஜாதியடி 54, தென்வடல் இருபுறமும் ஜாதியடி 60½" என்பது தெளிவாக இருந்தது. அவளையே பெருக்கச் சொன்னேன். 54 × 60.5 = 3,267. பிறகு 7.5 × 435.6 போடச் சொன்னேன். அதுவும் 3,267. ஒரு சதுர அடி கூட வித்தியாசமில்லை. மடிப்பில் இருந்தது அரைதான். மறுநாள் அடுத்த பக்கத்தையும் படமெடுத்து வந்தாள், "ஏழரை சென்ட்" என்று எழுத்திலேயே இருந்தது. அவளுடைய அப்பா பத்திர எழுத்தரிடம் காட்டி, கையெழுத்தாகும் முன்பே வரைவில் பரப்பைத் திருத்திக்கொண்டார்.

எல்லாப் பத்திரமும் இப்படிக் கச்சிதமாக ஒத்துப்போகாது. எதிர்ப்பக்கங்கள் சமமில்லாத மனைகளே அதிகம். அப்போது ஊரில் என்ன செய்கிறார்கள்? எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு சராசரிகளையும் பெருக்குகிறார்கள். வடபுறம் 40, தென்புறம் 44, கீழ்ப்புறம் 60, மேல்புறம் 62 என்றால் 42 × 61 = 2,562 சதுர அடி என்பார்கள். இது உண்மையான பரப்பு அல்ல. நாற்கரத்தின் பரப்பு இந்தப் பெருக்கற்பலனை ஒருபோதும் தாண்டாது, செவ்வகமாக இருந்தால் மட்டுமே சமமாகும், மற்றபடி குறைவாகத்தான் இருக்கும். நான்கு குச்சிகளை நூலால் கட்டிச் சட்டமாக்கி, ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினால் போதும். பக்கங்கள் மாறவில்லை, உள்ளே இருக்கும் இடம் சுருங்குகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஹெரான் சூத்திரம் நடத்தும்போது, மூலைவிட்டம் தெரிந்தால்தான் நாற்கரத்தின் பரப்பைச் சரியாகச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பத்திரத்தில் பெரும்பாலும் மூலைவிட்டம் இருக்காது.

ஆனாலும் அந்தச் சராசரிக் கணக்கு ஒரு வகையில் மிகவும் உதவும். பத்திரத்தில் நாம் படித்த பரப்பு அதைவிடக் கூடுதலாக வந்தால், எங்கோ ஒரு எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம், அல்லது எழுதும்போதே தவறு நேர்ந்திருக்கிறது. இப்போது சொன்ன மனைக்குப் படத்தில் "6 சென்ட்" என்று தெரிந்தால் அது 2,613.6 சதுர அடி. 2,562-ஐத் தாண்டுகிறது, நடக்காது. 5¾ சென்ட் என்றால் 2,504.7, நடக்கலாம். 5½ சென்ட் என்றால் 2,395.8, அதுவும் நடக்கலாம். அதாவது இந்தச் சோதனை தவறான வாசிப்பை ஒதுக்கும். மிஞ்சியவற்றில் எது சரி என்று அதனால் சொல்ல முடியாது. அதற்கு எழுத்தால் எழுதிய வரிக்குத்தான் போக வேண்டும்.

மாணவியின் கணக்கையே சற்று மாற்றி வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். 60½-இல் இருந்த ½ மங்கிப்போய் 60 என்று மட்டும் தெரிகிறது என்று வையுங்கள். 54 × 60 = 3,240. ஏழரை சென்ட்டுக்கு 3,267. பெருக்கற்பலன் குறைந்துவிட்டது. அப்படியானால் ஒன்று பரப்பு தவறு, இல்லையேல் பக்கம் தவறு. எது என்று பிள்ளைகள் விவாதிக்கட்டும். என் வகுப்பில் இருபது நிமிடம் ஓடியது.

பட்டாவை வைத்தும் சரிபார்க்கலாம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர் - ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. ஏழரை சென்ட் 303.5 சதுர மீட்டர், பட்டாவில் "0 - 3.04" என்று முழுமையாக்கி இருக்கும். அதைத் திருப்பிச் சதுர அடியாக்கினால் 304 × 10.764 = 3,272. பத்திரத்தைவிட 5 அடி கூட வருகிறதே என்று பதற வேண்டாம். சதுர மீட்டருக்கு முழுமையாக்கியதால் ஐந்து சதுர அடி வரை இப்படி மாறும். ஐம்பது அடி மாறினால் கேட்க வேண்டும். 3.04 என்பதைச் சென்ட் என்று நினைத்துப் பெருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளி இருக்கும் எண்ணெல்லாம் சென்ட் என்று தோன்றிவிடுகிறது.

படங்களை வகுப்பில் பயன்படுத்தும்போது பெயர், சர்வே எண், கையொப்பம், கைரேகை எல்லாவற்றையும் தாளால் மூடி மறுபடி படமெடுத்து, அதைத்தான் அச்சிட வேண்டும். பத்திரத்தோடு இணைந்த மனை வரைபடத்தின் படத்தில் அளவுகோல் வைத்து அளக்க விடாதீர்கள். கைப்பேசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே ஒரு பக்கம் சிறிதாகத் தெரியும். அதில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் எடுக்கலாம்.

இவ்வளவும் பத்திரம் சொல்லும் பரப்பைச் சரியாகப் படிப்பதற்குத்தான். தரையில் அத்தனை அடி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பெற்றோர் யாராவது அதைக் கேட்டால், நில அளவைக்கு விண்ணப்பித்து சர்வேயரை வரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.